ஒரு கிலோ இழைக்கு இரண்டு நியாயம்

2021 ஆகஸ்ட் 12-ஆம் தேதி மத்திய நிதியமைச்சகம் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. சீனாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வரும் விஸ்கோஸ் இழை மீது 2010 முதல் போடப்பட்டு வந்த ஆன்டி-டம்பிங் வரி அன்றோடு நீக்கப்பட்டது. தமிழ்நாட்டு நூற்பாலைகள் பல ஆண்டுகளாகக் கேட்டுவந்த ஒன்று அது. அதே வரி தொடர வேண்டும் என்று அதே அரசிடம் கேட்டுக்கொண்டிருந்தது, அந்த இழையை இந்தியாவில் தயாரிக்கும் நிறுவனம். இருவரும் இந்தியத் தொழிலைக் காப்பாற்றுங்கள் என்றுதான் கேட்டார்கள்.

ஒரு நாடு மலிவாக வரும் சரக்கை ஏன் மறுக்கிறது என்ற கேள்விக்குப் பாடப்புத்தகத்தில் பதில் இருக்கிறது. ஆனால் அந்த மறுப்புக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க, ஈரோட்டுத் தறிகள் வரை வந்து சேரும் இந்த இழையைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

விஸ்கோஸ் இழை மரத்திலிருந்து வருவது. மரக்கூழைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து, கார்பன் டைசல்பைடு சேர்த்துக் கரைத்து, நுண்துளைகள் வழியே அமிலத்துக்குள் பீய்ச்சினால் இழையாக உறைகிறது. அதைப் பஞ்சின் நீளத்துக்கு நறுக்கி, வெள்ளை வெளேரென்ற பொதிகளாகக் கட்டி மில்களுக்கு அனுப்புகிறார்கள். மில்லில் அது ரயான் நூலாகிறது. ஈரோடு, பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிகளில் அந்த நூல் ரயான் காடா துணியாகிறது. பிறகு சாயமும் பிரிண்டும் ஏறி நைட்டியாகவும் குர்த்தியாகவும் கடைக்கு வருகிறது.

இந்த நீண்ட சங்கிலியின் முதல் கண்ணியில், இந்தியாவைப் பொறுத்தவரை, ஒரே ஒரு பெரிய தயாரிப்பாளர்தான் இருந்தார்: ஆதித்ய பிர்லா குழுமத்தின் கிராசிம். மத்தியப் பிரதேசத்தின் நாக்தா, கர்நாடகத்தின் ஹரிஹர், குஜராத்தின் கரச், விலாயத் ஆகிய ஊர்களில் அதன் ஆலைகள் உள்ளன. அடுத்த கண்ணியில் பல நூறு மில்கள். அதற்கும் அடுத்ததில் எண்ணற்ற தறிகள். கதை முழுக்க இந்த வடிவத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மலிவு வேறு, டம்பிங் வேறு

வெளிநாட்டுச் சரக்கு நம் சரக்கைவிட விலை குறைவாக இருப்பது மட்டும் டம்பிங் ஆகாது. அங்கே கூலி குறைவாக இருக்கலாம், ஆலை நவீனமாக இருக்கலாம், மரக்கூழ் பக்கத்திலேயே கிடைக்கலாம். இவையெல்லாம் நேர்மையான மலிவு. ஒரு நிறுவனம் தன் சொந்த நாட்டில் என்ன விலைக்கு விற்கிறதோ, அதைவிடக் குறைந்த விலைக்கு நமக்கு ஏற்றுமதி செய்தால்தான் அது டம்பிங். அரசு ஆவணங்களில் பொருள் குவிப்பு என்று வரும். ஜேக்கப் வைனர் என்ற பொருளியலாளர் 1923-இல் இதைப் பற்றித் தனி நூலே எழுதினார். ஒரே பொருளை இரு நாட்டுச் சந்தைகளில் இரு விலைக்கு விற்பதே இதன் சாரம் என்றார் அவர்.

இதற்கு எதிரான முதல் சட்டத்தைக் கனடா 1904-இல் கொண்டுவந்தது. 1947-இல் உருவான காட் ஒப்பந்தத்தின் ஆறாவது பிரிவு எல்லா நாடுகளுக்கும் பொதுவான விதியை வகுத்தது. அந்த விதியைக் கவனமாகப் படித்தால் ஒரு விஷயம் தெரியும். அது டம்பிங்கைத் தடை செய்யவில்லை. டம்பிங் நடந்தது, உள்நாட்டுத் தொழில் பாதிக்கப்பட்டது, பாதிப்புக்கு டம்பிங்தான் காரணம் என்ற மூன்றையும் நிரூபித்தால், அந்த அளவுக்கு வரி போட்டுக்கொள்ளலாம் என்று மட்டுமே சொல்கிறது. இந்தியாவில் 1975-ஆம் ஆண்டின் சுங்கக் கட்டணச் சட்டத்தின் 9ஏ பிரிவும் 1995-இல் வந்த விதிகளும் இதே வழியில்தான் போகின்றன.

ஒரு நிறுவனம் ஏன் வெளிநாட்டில் குறைந்த விலைக்கு விற்க வேண்டும்? போட்டியாளரை ஒழித்துவிட்டுப் பிறகு விலையை ஏற்றத்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியும் நடக்கும். ஆனால் பெரும்பாலும் காரணம் ஆலைக்குள்ளேயே இருக்கிறது. விஸ்கோஸ் கரைசலை நினைத்த நேரத்தில் நிறுத்திவைக்க முடியாது. அது முதிர்ந்துகொண்டே போகும். நேரம் தவறினால் குழாய்க்குள்ளேயே இறுகத் தொடங்கும். அதனால் ஆலை இரவு பகலாக ஓடியாக வேண்டும். கட்டடம், இயந்திரம், வங்கி வட்டி எல்லாம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் நிற்காத செலவுகள். உள்ளூரில் விற்றது போக மிச்சமிருக்கும் சரக்கு, கூழுக்கும் ரசாயனத்துக்கும் ஆன செலவைத் தாண்டி எந்த விலைக்குப் போனாலும் முதலாளிக்கு அது லாபம்தான். சீனாவில் இழை ஆலைகள் தேவையை மீறிப் பெருகியபோது இந்த மிச்சச் சரக்குதான் கப்பலேறியது.

வாங்குகிற நாட்டுக்கு இதில் என்ன சிக்கல்? விற்பவரின் மிச்சம் நம் ஆலையின் மொத்த வியாபாரத்தோடு மோதுகிறது. நம் ஆலையும் இரவு பகலாக ஓட வேண்டியதுதான், அதற்கும் வட்டி உண்டு. திறமையில் தோற்று மூடினால் ஒரு நியாயம் இருக்கிறது. இன்னொரு நாட்டில் தேவைக்கு மேல் ஆலை கட்டிவிட்டார்கள் என்பதற்காக மூடுவது வேறு.

மூடிய ஆலையைத் திறப்பது எவ்வளவு கடினம் என்பதற்குப் பென்சிலின்-ஜி சாட்சி. நோய்முறி மருந்துகள் பலவற்றுக்கு மூலப்பொருள் அது. 1990-களில் இந்தியாவில் அதைத் தயாரிக்கப் பல ஆலைகள் இருந்தன. நம் கடலூரிலும் இருந்தது. சீனச் சரக்கின் விலைக்கு முன்னால் அவை ஒவ்வொன்றாக உற்பத்தியை நிறுத்தின. உலகத்துக்கே மாத்திரை விற்கும் இந்தியா இந்த மூலப்பொருளுக்குச் சீனாவை மட்டுமே நம்பியிருக்கும் நிலை வந்தது. 2020-இல் ஊக்கத்தொகைத் திட்டம் அறிவித்து, 2024-இல் காக்கிநாடா அருகே ஒரு பெரிய ஆலை உற்பத்தியைத் தொடங்கும்வரை அதே நிலைதான். நொதித்தல் தொழிலில் நுண்ணுயிர் வகையும், அதைக் கையாளத் தெரிந்த ஆட்களும், தடையில்லாத மின்சாரமும் ஒன்றாகச் சேர வேண்டும். கலைந்துபோனால் இருபது ஆண்டுகளுக்குப் பிறகு கிட்டத்தட்ட முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. மலிவாகக் கிடைக்கும்போது வாங்கிக்கொண்டே இருந்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியவில்லை.

கணக்கு எப்படிப் போடுகிறார்கள்?

புகார் செய்பவர் உள்நாட்டு உற்பத்தியில் குறைந்தது 25 சதவீதத்தையாவது தயாரிப்பவராக இருக்க வேண்டும். விசாரிப்பது வர்த்தக அமைச்சகத்தின் கீழுள்ள வர்த்தகத் தீர்வுகள் தலைமை இயக்குநரகம். 2018-க்கு முன்பு இதற்கு வேறு பெயர். வழக்கமாக ஓராண்டு இறக்குமதியை டம்பிங் கணக்குக்கும், அதோடு முந்தைய மூன்று ஆண்டுகளைப் பாதிப்புக் கணக்குக்கும் எடுத்துக்கொள்கிறார்கள். வெளிநாட்டு ஏற்றுமதியாளர்களுக்கு நீண்ட வினாநிரல் போகிறது. பதில் தந்து ஒத்துழைக்கும் நிறுவனத்துக்கு அதன் கணக்குப்படி தனி வரி. மௌனமாக இருந்தவர்களுக்கு, கையில் இருக்கும் தகவலை வைத்து, பெரும்பாலும் உச்ச வரி.

கணக்கு புரிவதற்காக எண்களை நானே வைத்துக்கொள்கிறேன். வெளிநாட்டு ஆலை ஒன்று தன் ஊரில் ஒரு கிலோ இழையை ஆலை வாசலில் 150 ரூபாய்க்கு விற்கிறது. இந்தியத் துறைமுகத்தில் அதே இழை 140 ரூபாய்க்கு வந்து இறங்குகிறது. இரண்டையும் அப்படியே ஒப்பிடக்கூடாது. 140-க்குள் கப்பல் கூலி, காப்பீடு, தரகு எல்லாம் அடக்கம். அவற்றுக்கு 8 ரூபாய் கழித்தால், ஏற்றுமதியின் ஆலைவாசல் விலை 132 ரூபாய். 150-க்கும் 132-க்கும் இடையிலுள்ள 18 ரூபாய்தான் டம்பிங் இடைவெளி. 132-இல் அது 13.6 சதவீதம். இரண்டு சதவீதத்துக்கும் குறைவாக இருந்திருந்தால் வழக்கு அங்கேயே முடிந்திருக்கும்.

இரண்டாவது கணக்கு நம் ஆலையைப் பற்றியது. அது எந்த விலைக்கு விற்றால் பாதிப்பில்லாமல் பிழைக்கும்? இதற்குப் பாதிப்பில்லா விலை என்று ஒன்றைக் கணக்கிடுகிறார்கள். ஆலை தன் சிறந்த திறனில் ஓடியிருந்தால் ஆகியிருக்கும் செலவும், போட்ட மூலதனத்துக்கு 22 சதவீத வருவாயும் சேர்ந்தது அது. இந்த 22 சதவீதம் மிக அதிகம் என்று இறக்குமதியாளர்கள் ஒவ்வொரு விசாரணையிலும் ஆட்சேபிப்பார்கள், எனக்கும் அது தாராளமாகவே தெரிகிறது. நம் உதாரணத்தில் அந்த விலை 158 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இறக்குமதி இழையோ 140 ரூபாயும் 5 சதவீதச் சுங்க வரி 7 ரூபாயும் சேர்ந்து 147-க்கு மில்லுக்குக் கிடைக்கிறது. இடைவெளி 11 ரூபாய்.

டம்பிங் இடைவெளி 18, பாதிப்பு இடைவெளி 11. வரி எவ்வளவு? 11 ரூபாய் மட்டுமே. இரண்டில் எது சிறியதோ அதைத்தான் இந்தியா விதிக்கிறது. உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தம் இதை நல்லது என்று சொல்கிறதே தவிரக் கட்டாயமாக்கவில்லை. அமெரிக்கா முழு இடைவெளிக்கும் வரி போடுகிறது. ஏற்றுமதியாளரைத் தண்டிக்காமல் உள்நாட்டு ஆலையின் காயத்துக்கு மட்டும் மருந்து போடுவது இந்த முறை. இந்தியச் சட்டத்தின் நல்ல பக்கம் இது.

சீனா என்று வரும்போது முதல் கணக்கிலேயே தகராறு. அங்கே விலையைச் சந்தை தீர்மானிப்பதில்லை என்று சொல்லி, சீன நிறுவனம் காட்டும் உள்ளூர் விலையை இந்தியா பொதுவாக ஏற்பதில்லை. வேறு வழியில் ஒரு விலையைக் கட்டமைக்கிறது. அந்தக் கட்டமைப்பில் எந்த நாட்டுக் கணக்கை எடுத்தாலும் இடைவெளி பெரிதாகிவிடும் வாய்ப்பு அதிகம். அரசின் ஆதரவு எங்கே முடிகிறது, ஆலையின் திறமை எங்கே தொடங்குகிறது என்று வெளியிலிருந்து பிரித்துக் காட்ட முடியாத இடத்தில் இதைத் தவிர்க்கவும் முடிவதில்லை.

சிறுமுகை சொல்வது

மூன்றாவது நிபந்தனைதான் எல்லாவற்றிலும் கடினம். ஆலை நலிந்தது உண்மை, டம்பிங் நடந்ததும் உண்மை. ஆனால் டம்பிங்கால்தான் ஆலை நலிந்ததா? மேட்டுப்பாளையம் அருகே சிறுமுகையில் சவுத் இந்தியா விஸ்கோஸ் என்ற பெரிய ஆலை இருந்தது. தமிழ்நாட்டிலேயே மரக்கூழும் விஸ்கோஸும் தயாரான இடம் அது. பவானி ஆற்றில் அதன் கழிவு கலந்ததை எதிர்த்து 1990-களில் மக்கள் போராடினார்கள், வழக்குகள் நடந்தன, கடைசியில் ஆலை மூடப்பட்டது. இன்று யாராவது இறக்குமதி இழையால்தான் சிறுமுகை போயிற்று என்று சொன்னால், அந்த வட்டாரத்து விவசாயி ஒருவரே மறுத்துவிடுவார்.

விசாரணை அதிகாரி இப்படிப்பட்ட காரணங்களையெல்லாம் தனியே பிரித்து எடுத்து வைக்க வேண்டும் என்கிறது விதி. தேவை குறைந்ததா, மரக்கூழ் விலை ஏறியதா, மின்வெட்டா, நிர்வாகக் கோளாறா என்று பார்க்க வேண்டும். அவற்றால் ஆன பாதிப்பை இறக்குமதியின் தலையில் கட்டக்கூடாது. நடைமுறையில் இதை எப்படிச் சரிபார்ப்பது? இறக்குமதியின் பங்கு ஏறிய அதே காலத்தில் உள்நாட்டு விற்பனை விலை இறங்கியதா, கையிருப்பு குவிந்ததா, லாபம் சரிந்ததா என்று ஆண்டுவாரியாக வைத்துப் பார்ப்பார்கள். இறக்குமதி ஏறும்போதே உள்நாட்டு ஆலையும் புதிய பிரிவு தொடங்கி, முழுத் திறனில் ஓடி, லாபமும் காட்டினால் வழக்கு பலவீனம். எந்த டம்பிங் வழக்கைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது இந்த அட்டவணையைத்தான்.

வரியின் மறுபக்கம்

விஸ்கோஸ் இழை வழக்கு 2009-இல் தொடங்கி, 2010-இல் வரியாக முடிந்தது. ஆன்டி-டம்பிங் வரிக்கு ஆயுள் ஐந்தாண்டு. முடியும் தறுவாயில் மறுஆய்வு செய்து, வரியை எடுத்தால் டம்பிங் திரும்பும் என்று தோன்றினால் நீட்டிக்கலாம். 2016 ஆகஸ்டில் அப்படித்தான் நீட்டித்தார்கள். நிறுவனத்தைப் பொறுத்து ஒரு கிலோவுக்கு 0.103 டாலர் முதல் 0.512 டாலர் வரை வரி. அன்றைய டாலர் மதிப்பில் ஏறத்தாழ 7 ரூபாயிலிருந்து 34 ரூபாய்.

கிலோவுக்கு 34 ரூபாய் என்பது ஒரு நூற்பாலையின் லாபத்தைவிடப் பல மடங்கு பெரிய தொகை. அவ்வளவு வரி கட்டி யாரும் சரக்கு எடுக்க மாட்டார்கள். ஆக, உச்ச வரி உள்ள நிறுவனங்களிடமிருந்து இறக்குமதி ஒரு பெயரளவு வழிதான். உள்ளூரில் ஒரே தயாரிப்பாளர் இருக்கும் சந்தையில் இறக்குமதியை அடைத்தால், வாங்குகிறவர் பேரம் பேச இன்னொரு கதவே இல்லை. தென்னிந்திய மில்கள் சங்கம் இந்த வரியைத் தொடர்ந்து எதிர்த்ததன் காரணம் இதுவே.

இது வெறும் அச்சமல்ல. 2020 மார்ச்சில் இந்தியப் போட்டி ஆணையம், விஸ்கோஸ் இழைச் சந்தையில் தன் ஆதிக்க நிலையைக் கிராசிம் தவறாகப் பயன்படுத்தியது என்று முடிவு செய்து 301.61 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெவ்வேறு மில்களிடம் வெவ்வேறு விலை வாங்கியது, வாங்கும் மில்கள் இழையை எப்படிப் பயன்படுத்துகின்றன என்ற விவரங்களைக் கேட்டது ஆகியவை ஆணையம் சுட்டிய குற்றங்கள். நிறுவனம் இதை ஏற்காமல் மேல்முறையீட்டுக்குப் போனது. மேல்முறையீடு எப்படிப் போனாலும், ஒன்றைக் கவனிக்காமல் இருக்க முடியாது. வெளிநாட்டு ஏற்றுமதியாளர் இரு சந்தையில் இரு விலை வைக்கிறார் என்பதற்காக ஓர் அரசு அமைப்பு ஒரு நிறுவனத்தைப் பாதுகாத்துக்கொண்டிருந்தபோது, அதே நிறுவனம் உள்நாட்டுச் சந்தைக்குள்ளேயே ஆளுக்கொரு விலை வைக்கிறது என்று இன்னோர் அரசு அமைப்பு சொன்னது.

சங்கிலியின் முதல் கண்ணியில் மட்டும் வரி போட்டால் அடுத்த கண்ணியில் ஓட்டை விழும். இழைக்கு வரி இருக்கிறது, நூலுக்கு இல்லை. வெளிநாட்டு மில்கள் மலிவான இழையில் நூலை நூற்று, நூலாகவே அனுப்பத் தொடங்கின. அப்போது நூற்பாலைகளும் ரயான் நூலுக்கு டம்பிங் வரி கேட்டன. சீனா, இந்தோனேசியா, வியட்நாம் நூல் மீது விசாரணையும் நடந்தது. நூலுக்கும் வரி வந்தால் தறிக்காரருக்குச் சுமை. பிறகு துணிக்கும் வரி கேட்க வேண்டும். ஈரோட்டுத் தறிக்காரர்கள் நூல் விலைக்கும் துணி விலைக்கும் கட்டுப்படியாகாதபோது உற்பத்தியை நிறுத்திப் போராடுவதைச் செய்தித்தாள்களில் பார்த்திருப்போம். அவர்களுடைய விலைக்கணக்கின் அடியில் இந்த இழை வரியும் ஒரு காரணமாகக் கிடந்தது.

சட்டம் யாருடைய காயத்தைப் பார்க்கிறது?

இழை தயாரிப்பவரின் காயத்தை அளக்க மேலே சொன்ன அத்தனை அளவுகோல்கள் இருக்கின்றன. இழை வாங்குபவரின் காயத்தை அளக்க அதற்குச் சமமான அளவுகோல் இந்தியச் சட்டத்தில் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் வரி போடுவதற்கு முன், பயனாளர்கள் உட்பட ஒன்றியத்தின் மொத்த நலனுக்கு அது எதிராகுமா என்று பார்ப்பது சட்டப்படியான தனிச் சோதனை. இங்கே பயனாளர்கள் விசாரணையில் கலந்துகொள்ளலாம், எழுதிக் கொடுக்கலாம். ஆனால் பாதிப்பும் காரணமும் நிரூபணமானால் இயக்குநரகத்தின் பரிந்துரை வரியை நோக்கியே போகும்.

மிச்சமிருக்கும் ஒரே பிடிமானம் நிதியமைச்சகம். பரிந்துரை வந்து மூன்று மாதங்களுக்குள் வரி போடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. 2021-இல் வரி போன பிறகு இந்தோனேசிய இழை மீண்டும் பெருகியது என்று புதிய வழக்கு வந்தது. 2022 டிசம்பரில் இயக்குநரகம் கிலோவுக்கு 0.512 டாலர் வரி பரிந்துரைத்தது. நிதியமைச்சகம் அதை ஏற்று வரி விதிக்கவில்லை. தறிகளைப் பொறுத்தவரை அது சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன். ஆனால் காரணத்தை வெளிப்படையாக எழுதிச் சொல்லாமல் வரும் முடிவு, அடுத்த முறை மறுபக்கமாகவும் போகலாம். புகார்தாரருக்கும் அது நியாயமில்லை.

பரிந்துரை வந்த சில மாதங்களில், 2023 மார்ச் இறுதியில், விஸ்கோஸ் இழைக்குத் தரக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் சான்று பெற்ற வெளிநாட்டு ஆலையின் இழைதான் உள்ளே வரலாம் என்பது அதன் சாரம். சான்று வாங்க அமைவனத்தின் அதிகாரிகள் அந்த ஆலைக்கே போய்ச் சோதிக்க வேண்டும். அது எப்போது நடக்கும் என்பது வாங்குபவர் கையிலும் இல்லை, விற்பவர் கையிலும் இல்லை. டம்பிங் வரியிலாவது மூன்று நிரூபணங்கள் வேண்டும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு வேண்டும், வெளிப்படையான எண் ஒன்று இருக்கும். தரக் கட்டுப்பாட்டில் இவை எதுவும் தேவையில்லை. மலிவுச் சரக்கை மறுக்க வேண்டுமென்றால் டம்பிங் வழக்கின் வழியாக மறுப்பதே நேர்மையானது என்பேன். 2025 நவம்பரில் அந்த ஆணையும் திரும்பப் பெறப்பட்டது.

அடுத்த வழக்கு எப்போது வேண்டுமானாலும் வரலாம். வந்தால் மில் சங்கங்களிடம் வக்கீல்கள் இருக்கிறார்கள், வினாநிரலுக்குக் கணக்குத் தர ஆடிட்டர்கள் இருக்கிறார்கள். பத்துத் தறி வைத்து ஜாப் ஒர்க்குக்கு நெய்பவர் இழை வாங்குவதில்லை, நூலைக்கூட அவர் வாங்குவதில்லை. மீட்டருக்கு இவ்வளவு என்று கூலிதான் அவருக்கு. விசாரணையின் மொழியில் அவர் உற்பத்தியாளரும் இல்லை, பயனாளரும் இல்லை. இழை விலை ஏறும்போது முதலில் குறைவது அந்தக் கூலி. அதைக் கேட்பதற்கு வினாநிரலில் ஒரு கட்டம் சேர்க்கச் சட்டத் திருத்தம்கூட வேண்டியதில்லை, இயக்குநரகமே செய்துவிடலாம்.